விரிவுரைக் குறிப்பிலிருந்து களத்துக்கான கனிம அட்டவணை: எந்த நெடுவரிசையை எங்கே நம்புவது?

அகிலா (மல்லேஸ்வரம், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இயற்கை ஆர்வலர் குழுவுக்கு ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் கனிமங்களைப் பற்றி நீண்ட விரிவுரை ஒன்றை ஆற்றினார். அதை முழுவதுமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அடுத்து ராமநகரப் பக்கம் செல்லும்போது ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடினத்தன்மை, பீங்கான் தட்டில் தேய்த்தால் விழும் தூளின் நிறமான கீற்று வண்ணம், கனிமத்தின் நிறம், தட்டையான முகங்களாக உடையும் தன்மையான பிளவு ஆகிய நான்கையும் கொண்டு, கையில் எடுத்த துண்டில் உள்ள கனிமம் எது என்று அந்த அட்டையைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும்.

குறிப்புகளை அப்படியே கட்டங்களில் நிரப்பிப் பார்த்தேன். குவார்ட்ஸுக்கு வந்த வரிசை இது: கடினத்தன்மை 7, கீற்று வண்ணம் வெள்ளை, நிறம் நிறமற்றது முதல் பல நிறங்கள் வரை, பிளவு இல்லை. ஃபெல்ஸ்பாருக்கு வந்தது: கடினத்தன்மை 6, கீற்று வண்ணம் வெள்ளை, நிறம் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை அல்லது சாம்பல், பிளவு இரு திசைகளில். இதில் தவறு எதுவும் இல்லை. ஆயினும் வீட்டில் இருந்த ஒரு கருங்கல் துண்டை வைத்துக்கொண்டு, அட்டவணையை மட்டும் பார்த்து, எந்தப் பரல் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டை என் கை எப்படி அறியும்? இந்த அட்டவணையை எவ்வாறு மாற்றி அமைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிரகாஷ் (மாரத்தஹள்ளி)

அகிலா அக்கா, இது அட்டையாக இருப்பதைவிட விரிதாளாக இருப்பது நல்லது. கைபேசியில் திறந்து, "பிளவு இல்லை" என்று வடிகட்டினால் மீதமுள்ள பெயர்கள் மட்டும் நிற்கும். அடுத்து நிறத்தைத் தேர்ந்தால் பட்டியல் இன்னும் சுருங்கும். கடினத்தன்மை சில கனிமங்களுக்கு 5 முதல் 6 வரை என்று இருப்பதால் வரிசைப்படுத்த முடியாமல் போகும். ஆகவே சராசரி எடுத்து 5.5 என்று ஒரே எண்ணாகப் போட்டு, சிறியதிலிருந்து பெரியதற்கு அடுக்கிவிடலாம். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தால் வடிகட்டல் சிக்கலின்றி வேலை செய்யும்.

செல்வராஜ் (கிருஷ்ணராஜபுரம்)

அகிலா, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். அங்கு சுரங்கத்தில் மாதிரி எடுக்கும் பணியில் தொடங்கி, 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வேறு இடங்களில் கனிம ஆய்வுக் களப்பணி செய்தேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். விரிவுரையாளர் பெயரைச் சொல்லிவிட்டு அதன் பண்புகளைச் சொல்கிறார். களத்தில் நிற்பவருக்குப் பெயர்தான் தெரியாது. அவர் பண்பிலிருந்து பெயருக்குப் போக வேண்டியவர். ஆகவே சிலிகேட்டுகள், ஆக்சைடுகள், கார்பனேட்டுகள் என்று விரிவுரையில் வந்த வரிசையை முதலில் கலைத்துவிடுங்கள். ஒரு கனிமம் சிலிகேட் என்பது கையில் தெரியாது.

இரண்டாவது, கட்டத்தில் எண்ணை எழுதாமல் செயலை எழுதுங்கள். "கடினத்தன்மை 6" என்பதற்குப் பதிலாக "எஃகுக் கத்தி கீறாது, குவார்ட்ஸ் முனை கீறும்" என்று எழுதினால், படிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்ற இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இந்தக் கடினத்தன்மை எண்களைத் தரும் மோஸ் அளவுகோலில் கைக்கு எட்டும் படிகள் மிகச் சிலவே. விரல் நகம் ஏறத்தாழ 2.5, செம்பு ஏறத்தாழ 3, சாதாரணக் கத்தியும் கண்ணாடியும் ஏறத்தாழ 5.5, கையில் வைத்திருக்கும் குவார்ட்ஸ் துண்டு 7. இவற்றுக்கு இடைப்பட்ட நுண்மை களத்தில் கிடைப்பதில்லை. விரிவுரையில் செம்பு நாணயம் என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். இன்று நம் பையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை; அவற்றால் சோதித்தால் விடை மாறிவிடும். மின்கம்பிக் கடையில் தடித்த செம்புக் கம்பி ஒரு துண்டு வாங்கி, மேலுறையை உரித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரகாஷ் தம்பி சொன்ன வடிகட்டல் நல்ல யோசனைதான். அடையாளம் காண்பது என்பதே ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போவதுதான். ஆனால் சராசரி எடுப்பது கூடாது. மோஸ் எண்கள் எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டும் சொல்கின்றன. அவை அளவுகள் அல்ல. 9ஆம் எண்ணில் உள்ள குருந்தத்துக்கும் 10ஆம் எண்ணில் உள்ள வைரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி, மற்ற படிகளுக்கு இடையே உள்ளதைவிட மிகப் பெரியது. மேலும், 5 முதல் 6 வரை என்று ஒரு கனிமத்துக்குப் போட்டிருந்தால் அது கத்தியின் எல்லையிலேயே நிற்கிறது என்று பொருள். சில துண்டுகளைக் கத்தி கீறும், சிலவற்றைக் கீறாது. 5.5 என்று எழுதியவுடன் அந்த எச்சரிக்கை மறைந்துபோகிறது. கயனைட் போன்ற ஒன்றுக்குச் சராசரி இன்னும் பொருளற்றது. அதன் நீளவாக்கில் கத்தி கீறும், குறுக்கே கீறாது. அந்த வேறுபாடுதான் அதன் அடையாளமே.

சந்திரா (இந்திராநகர்)

எனக்கும் இதே ஐயம் நீண்ட நாட்களாக இருக்கிறது. எங்கள் சமையலறை மேடைக்கு வெள்ளைக் கருங்கல் என்று சொல்லி ஒரு பலகை போட்டார்கள். எலுமிச்சைச் சாறு சிந்திய இடங்களில் பளபளப்புப் போய் மங்கலாகிவிட்டது. கருங்கல்லின் கடினத்தன்மை எவ்வளவு, இந்தப் பலகையை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று உங்கள் அட்டவணையில் சேர்ப்பீர்களா?

செல்வராஜ் (கிருஷ்ணராஜபுரம்)

சந்திரா அம்மா, அகிலா கேட்பது பாறையைப் பற்றி அல்ல, பாறைக்குள் இருக்கும் தனித்தனிக் கனிமங்களைப் பற்றி. கருங்கல்லுக்கு ஒரே கடினத்தன்மை கிடையாது. அதில் குவார்ட்ஸ் பரல் ஒருவிதமாகவும் மைக்கா இதழ் வேறு விதமாகவும் கத்திக்கு விடை சொல்லும். ஆயினும் உங்கள் பலகைக்கு ஒரு குறிப்புக் கிடைத்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் மங்கியது என்றால் அதில் கால்சைட் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அது பளிங்கு, கருங்கல் அல்ல. கழுவுதொட்டிக்கு அடியில் கண்ணில் படாத வெட்டு விளிம்பில் கத்தி முனையால் மெல்லக் கீறிப் பாருங்கள். எளிதில் கீறல் விழுந்து வெள்ளைத் தூள் வந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அகிலா, இதையும் அட்டையின் தலைப்பில் ஒரு வரியாகச் சேருங்கள்: ஒரே பரலைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும்.

இளங்கோ (கல்லூரி ஆசிரியர், யெலஹங்கா)

செல்வராஜ் ஐயா சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். நெடுவரிசைகளின் வரிசையைப் பற்றி மட்டும் எனக்குத் தனிக் கருத்து உண்டு. நிறம் ஏமாற்றும் என்று சொல்லி அதைக் கடைசியில் தள்ளுவது வழக்கம். மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்லும் எனக்கு அது உதவியதில்லை. கண் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். அதைக் கடைசியில் வைத்தால், மாணவர் மனத்துக்குள் நிறத்தைக் கொண்டு பெயரை முடிவு செய்துவிட்டு, மற்றக் கட்டங்களை அதற்கு ஏற்றபடி நிரப்புகிறார். முதலில் எழுதச் சொல்லிவிட்டால் அது வெறும் பதிவாக நிற்கிறது. பிறகு மற்றச் சோதனைகள் அதை உறுதி செய்கின்றனவா என்று கேட்க முடிகிறது.

கீற்றுத் தட்டைப் பற்றி ஒன்று. குளியலறை ஓட்டின் பின்புறத்தைப் பயன்படுத்தலாம் என்று பல விரிவுரைகளில் சொல்கிறார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பல சுவர் ஓடுகளின் பின்புறம் செம்மண் நிறத்தில், மென்மையாக இருக்கிறது. அதில் சிவப்புக் கீற்றும் பழுப்புக் கீற்றும் தெரியாமல் போகும். ஓடே தூளாக உதிர்ந்து கலந்தும் விடும். வெள்ளை உடலுள்ள, மெருகு பூசாத பீங்கான் வேண்டும். உடைந்த பீங்கான் கோப்பையின் அடிவளையத்தில் மெருகு இல்லாத பகுதி இருக்கும்; கிடைத்தால் அதுவே போதும்.

அகிலா (மல்லேஸ்வரம், பெங்களூரு)

மிக்க நன்றி. செயலை எழுதுவது என்ற ஒரு மாற்றத்திலேயே குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் எனக்குப் பிரிந்துவிட்டன. உடைந்த முகத்தைச் சூரிய ஒளியில் மெல்லத் திருப்பினால், ஃபெல்ஸ்பார் பரல் ஒரு கோணத்தில் கண்ணாடிபோல் முழுவதுமாகப் பளிச்சிட்டு அணைகிறது; குவார்ட்ஸ் பரல் எந்தக் கோணத்திலும் அப்படிச் செய்வதில்லை, எண்ணெய் தடவியதுபோல் ஒழுங்கற்று மினுங்குகிறது.

இப்போது என்னைத் தடுப்பது கறுப்புப் பரல்கள். நிறத்தில் ஒன்று போலவே இருக்கின்றன. குறிப்பில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், மேக்னடைட் என்று மூன்று பெயர்கள் உள்ளன. பரல்கள் சில மில்லிமீட்டர் அளவுதான். பீங்கானில் தேய்த்தால் எது தேய்கிறது என்றே தெரியவில்லை. மங்கலான ஒரு சாம்பல் கோடு வருகிறது.

செல்வராஜ் (கிருஷ்ணராஜபுரம்)

அந்தச் சாம்பல் கோட்டை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். நீங்கள் தேய்த்தது பரலை அல்ல, பாறையை. சுற்றியுள்ள குவார்ட்ஸ் பீங்கானைவிடக் கடினமாக இருப்பதால் பீங்கானையே அறுத்து வெள்ளைத் தூள் எடுத்திருக்கும். கறுப்புப் பரலின் தூள் அதில் கலந்து சாம்பலாகத் தெரிந்திருக்கும். கீற்றுத் தட்டின் கடினத்தன்மை ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. அதற்கு மேல் உள்ள எதற்கும் தட்டில் கீற்று வண்ணம் கிடைக்காது. உங்கள் குவார்ட்ஸ் வரிசையில் "வெள்ளை" என்று இருப்பதை அடித்துவிட்டு "தட்டைக் கீறும்" என்று எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

கறுப்புப் பரலுக்கு வருவோம். ஒரு தடித்த தையல் ஊசியும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி முனையைப் பரலின் விளிம்பில் செருகி மெல்ல நெம்புங்கள். பயோடைட் என்றால் மெல்லிய இதழ் ஒன்று உரிந்து வரும். அந்த இதழை வளைத்துவிட்டால் மீண்டும் நிமிரும். அதற்கு ஒரே திசையில் மிகத் தெளிவான பிளவு உண்டு, கடினத்தன்மையும் 2.5 முதல் 3 வரைதான். ஹார்ன்பிளெண்ட் என்றால் இதழ் உரியாது. ஊசி வழுக்கும் அல்லது சிறு சிராய் தெறிக்கும். வில்லையில் பார்த்தால் நீண்ட பரலின் முகத்தில் நீளவாக்கில் படிகள் தெரியும். பரலின் குறுக்குவெட்டு உங்களுக்கு வாய்த்தால், இரண்டு பிளவுகள் ஏறத்தாழ 56 பாகையிலும் 124 பாகையிலும் சாய்ந்து வெட்டிக்கொள்வதைக் காணலாம். அதே கறுப்பில் ஆஜைட் வந்தால் அந்தக் கோணம் ஏறத்தாழச் செங்கோணமாக இருக்கும். ராமநகரக் கருங்கல்லில் ஆஜைட்டைத் தேட வேண்டியதில்லை. டெக்கான் பசால்ட் பக்கம் சென்றால் வேண்டியிருக்கும்.

மேக்னடைட்டை இந்த நான்கு நெடுவரிசைகளால் சிறு பரலில் பிடிக்க முடியாது. பாறையின் மூலையைச் சுத்தியலால் தட்டிக் கிடைத்த தூளை ஒரு தாளில் பரப்பி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். சில கறுப்புத் துகள்கள் கூட்டமாகக் காந்தத்தின் பின்னால் ஓடும். ஆகவே "மற்றவை" என்று ஐந்தாவது நெடுவரிசை ஒன்று கட்டாயம் வேண்டும்.

கல் உடைக்கும்போது கண்ணாடி அணியுங்கள். ராமதேவர பெட்டாவில் கல்லைத் தொடவே வேண்டாம், அது கழுகுகளுக்கான சரணாலயம். லால்பாக் பாறையிலும் கத்தி வைக்காதீர்கள், அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். கல்லுடைக்கும் ஆலைகளின் வாசலில் கேட்டால் வேண்டிய துண்டுகளைக் கொடுப்பார்கள். அங்கு கிடைப்பவை புதிதாக உடைந்தவை என்பதால் சோதனைக்கும் அவையே சிறந்தவை.

பிரகாஷ் (மாரத்தஹள்ளி)

சராசரி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் ஐயா. அப்படியானால் கீற்று வண்ணம் என்ற நெடுவரிசையையே எடுத்துவிடலாமே. குவார்ட்ஸில் கிடைக்காது, ஃபெல்ஸ்பாரில் வெள்ளை, கறுப்புப் பரலில் எடுக்க முடியாது. ஒன்றையும் பிரிக்காத நெடுவரிசை இடத்தை அடைக்கிறது.

செல்வராஜ் (கிருஷ்ணராஜபுரம்)

ராமநகரத்துக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. இதே அட்டையை எடுத்துக்கொண்டு பல்லாரி மாவட்டத்தில் சண்டூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், நிலைமை தலைகீழாகிவிடும். அங்கு இரும்புத் தாது ஒரு துண்டில் எஃகைப்போல் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். அடுத்த துண்டில் மங்கிய செம்மண்ணாகக் கையில் ஒட்டும். நிறத்தைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. கடினத்தன்மையைப் பார்த்தால் முதலாவது கத்திக்கு மசியாது, இரண்டாவது நகத்திலேயே உதிரும். ஹேமடைட்டுக்கு 5 முதல் 6 வரை என்று நூலில் போட்டிருப்பது இரண்டாவது துண்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஏனெனில் உதிர்வது கனிமம் உடைவதால் அல்ல, துகளும் துகளும் பிரிவதால். பிளவு என்று எதுவும் இரண்டிலும் இல்லை. மூன்று நெடுவரிசைகளும் கைவிட்ட இடத்தில் பீங்கானில் தேய்த்தால் இரண்டும் ஒரே செம்பழுப்புக் கோட்டைத் தரும். மேக்னடைட் என்றால் கோடு கறுப்பு, கோத்தைட் என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு. அங்கு அட்டவணையே கீற்று வண்ணம்தான்.

இதற்குக் காரணம் எளியது. பெரிய பரலின் நிறத்தில் அதன் மேற்பரப்பு, பரலின் அளவு, உள்ளே புகுந்த கலப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். நுண்ணிய தூளாக்கும்போது அவற்றின் பங்கு பெரிதும் குறைந்து, ஒளியைக் கனிமமே எப்படி உறிஞ்சுகிறது என்பது தெரிகிறது. ஒளியை வலுவாக உறிஞ்சும் உலோக மிளிர்வுக் கனிமங்களுக்கு இது பெரும் துணை. ஒளி ஊடுருவும் சிலிகேட்டுகள் தூளாகும்போது பெரும்பாலும் வெள்ளையாகவோ வெளிறிய நிறத்திலோ போய்விடுவதால் அங்கு பயன் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நான்கு நெடுவரிசைகளுக்கும் எல்லா வரிசைகளிலும் ஒரே மதிப்பு இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் முடிவு செய்யும் கட்டம் எது என்று குறியிட்டுக் காட்டுங்கள். விரிவுரையில் எல்லாப் பண்பும் ஒரே குரலில் வந்துவிடுகிறது. அட்டையில் அப்படி வரக் கூடாது. பிரகாஷ் தம்பிக்கும் ஒரு சொல்: "வெள்ளை" என்ற கட்டமும் "சோதிக்க இயலாது" என்ற கட்டமும் வேறு வேறு. எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்று வெள்ளை என்று போட்டுவிட்டால், வடிகட்டும்போது சரியான கனிமமே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

அகிலா (மல்லேஸ்வரம், பெங்களூரு)

ஐயா சொன்னபடி ராமநகரக் கருங்கல்லுக்கு மட்டும் ஒரு முகம் தயாரித்திருக்கிறேன். சண்டூர் வகைத் தாதுக்களுக்கு அட்டையின் மறுபக்கத்தை வைத்துக்கொள்கிறேன். முடிவு செய்யும் கட்டத்துக்கு நட்சத்திரக் குறி இட்டுள்ளேன். நிறத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க முடியாததால், இளங்கோ ஐயா சொன்னபடி இப்போதைக்கு முதலில் வைத்திருக்கிறேன்.

| நிறம் | கடினத்தன்மை | பிளவு | கீற்று | மற்றவை | பெயர் |
|---|---|---|---|---|---|
| நிறமற்றது, சாம்பல், பால் வெள்ளை | கத்தி கீறாது. கண்ணாடியைக் கீறும் | ★ இல்லை. வளைந்து முறியும் | தட்டைக் கீறும் | எண்ணெய் மினுக்கு | குவார்ட்ஸ் |
| இளஞ்சிவப்பு, சில வேளை வெள்ளை | கத்தி கீறாது. குவார்ட்ஸ் கீறும் | ★ இரண்டு, ஏறத்தாழச் செங்கோணம். முகத்தில் நேர்கோடுகள் இல்லை | பயன் இல்லை | பெரிய பரல்கள் | பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் |
| வெள்ளை, சாம்பல் | மேலே உள்ளதுபோல் | ★ இரண்டு. ஒரு முகத்தில் நெருக்கமான இணைகோடுகள் | பயன் இல்லை | வில்லை வேண்டும் | பிளேஜியோகிளேஸ் |
| கறுப்பு, கரும்பழுப்பு | ஊசி எளிதில் கீறும் | ★ ஒன்று. இதழாக உரியும் | சோதிக்க இயலாது | இதழ் வளைந்து நிமிரும் | பயோடைட் |
| கறுப்பு, கரும்பச்சை | ஊசி வழுக்கும் | ★ இரண்டு, சாய்கோணம்; படிகள் | சோதிக்க இயலாது | நீண்ட பரல்கள் | ஹார்ன்பிளெண்ட் |
| கறுப்பு | கத்தியின் எல்லையில் | இல்லை | கறுப்பு, பெரிய துண்டானால் | ★ தூள் காந்தத்தில் ஒட்டும் | மேக்னடைட் |

இளங்கோ (கல்லூரி ஆசிரியர், யெலஹங்கா)

நன்றாக வந்திருக்கிறது. ஆறு வரிசைகளில் ஐந்தில் நட்சத்திரம் பிளவின் மேல் விழுந்திருப்பதைக் கவனித்தீர்களா? கருங்கல்லில் உண்மை நிலை அதுதான். அதனாலேயே அந்த நெடுவரிசையில் தவறு நேர்ந்தால் அட்டை முழுவதும் தவறிவிடும். இரண்டு இடங்களில் என் மாணவர்கள் தொடர்ந்து இடறுகிறார்கள்.

ஒன்று, படிக முகத்தைப் பிளவு என்று எண்ணிக்கொள்வது. குவார்ட்ஸ் நரம்பில் உள்ள வெற்றிடங்களில் வளர்ந்த ஆறுபக்கப் படிகத்தின் முகம் மிக வழவழப்பாக இருக்கும். அதைப் பார்த்து "பிளவு உண்டு" என்று எழுதிவிடுகிறார்கள். அது வளர்ந்த முகம், உடைந்த முகம் அல்ல. உடைந்த இடத்தைப் பாருங்கள். பிளவாக இருந்தால் அதே சாய்வில் மேலும் மேலும் சிறு படிகள் தெரியும், எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சிடும். படிக முகமாக இருந்தால் அதற்கு அடியில் உடைந்த பகுதி கண்ணாடிச் சில்லுபோல் வளைந்திருக்கும். குவார்ட்ஸின் பக்க முகங்களில் பெரும்பாலும் குறுக்குவாக்கில் மெல்லிய வரிகளும் காணப்படும்.

மற்றொன்று, சிதைந்த ஃபெல்ஸ்பார். வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்த பாறையில் ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறத் தொடங்கியிருக்கும். கத்தி வைத்தால் எளிதில் கீறும், தூள் வெள்ளையாக வரும். மாணவர் உடனே கால்சைட் என்று எழுதுகிறார். பால்போல் மங்கிய, பளிச்சிடாத ஃபெல்ஸ்பாரில் கடினத்தன்மைச் சோதனையை நம்பக் கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு இட்டால் கால்சைட் நுரைக்கும், இது நுரைக்காது.

கீறல் சோதனைக்குப் பிறகு ஈர விரலால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குவார்ட்ஸின் மேல் கத்தியை இழுத்தால் சாம்பல் கோடு ஒன்று தெரியும். அது கத்தியின் எஃகு தேய்ந்து படிந்தது. துடைத்த பிறகும் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால்தான் கீறல்.

செல்வராஜ் (கிருஷ்ணராஜபுரம்)

இளங்கோ ஐயா சொன்ன மூன்றும் அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்க வேண்டியவை. நிறத்தை முதலில் வைப்பதில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. வகுப்பில் ஆசிரியர் அருகில் நிற்கிறார். "உறுதி செய்தாயா" என்று கேட்கிறார். அகிலாவின் குழுவில் ஒவ்வொருவரும் தனியாக அட்டையைப் பார்க்கப் போகிறார்கள். முதல் கட்டத்திலேயே "இளஞ்சிவப்பு" என்று கண்டால், சிவந்த கறை படிந்த குவார்ட்ஸைக்கூட ஃபெல்ஸ்பார் என்று எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள்.

இளங்கோ (கல்லூரி ஆசிரியர், யெலஹங்கா)

அந்த ஆபத்து உண்மைதான். ஆயினும் கடைசியில் வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு யாரும் கல்லை எடுக்கப் போவதில்லை. அகிலா இரண்டு விதமாகவும் அச்சிட்டு, குழுவில் பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் கொடுத்துப் பார்க்கலாம்.

அகிலா (மல்லேஸ்வரம், பெங்களூரு)

அப்படியே செய்கிறேன். இன்னும் ஓர் ஐயம். ஆலை வாசலில் வாங்கி வந்த ஒரு துண்டில், பாறை வெடித்த முகம் முழுவதும் பச்சைப் படலம் ஒன்று பூசியதுபோல் இருக்கிறது. பிஸ்தாப் பருப்பின் பச்சை. குறிப்பில் எபிடோட் என்றும் குளோரைட் என்றும் இரண்டு பச்சைகள் உள்ளன. ஊசியால் கீறினேன், கீறல் விழுந்தது. அப்படியானால் குளோரைட் என்று எழுதலாமா?

செல்வராஜ் (கிருஷ்ணராஜபுரம்)

இன்னும் எழுத வேண்டாம். குளோரைட் 2 முதல் 2.5 வரை, நகத்துக்கே மசியும். எபிடோட் 6 முதல் 7 வரை, ஊசிக்கு மசியாது. அட்டவணையில் இவ்வளவு தொலைவில் நிற்கும் இரண்டைப் பிரிப்பது எளிது என்று தோன்றும். ஆனால் நீங்கள் கீறியது கனிமத்தையா, படலத்தையா? மெல்லிய படலத்தை ஊசி பெயர்த்துத் தள்ளிவிட்டு அடியிலுள்ள பாறையில் கோடு இழுக்கும். பார்ப்பதற்குக் கீறல்போலவே இருக்கும். நீங்கள் சொல்லும் பிஸ்தாப் பச்சை எபிடோட்டின் பக்கம் சாய்கிறது. வெடிப்புகளில் அது இப்படிப் படர்வது வழக்கம். கடினத்தன்மை குளோரைட்டின் பக்கம் சாய்கிறது. இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

வெடிப்பு ஓரத்தில் பச்சை சற்றுத் தடித்து, வில்லையில் தனிப் பரலாகத் தெரியும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பரலின் நடுவில் ஊசியை வைத்து, பெயர்கிறதா குழி விழுகிறதா என்று வில்லை வழியாகவே பார்த்துக்கொண்டு அழுத்துங்கள். இல்லாவிட்டால் அட்டையில் "பச்சைப் படலம், கடினத்தன்மை சோதிக்க இயலாது" என்று எழுதி, பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

அகிலா (மல்லேஸ்வரம், பெங்களூரு)

ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் பச்சை சற்றுத் தடித்திருக்கிறது, ஐயா. அங்கு ஊசி வழுக்குகிறது. ஆனால் அதை ஒட்டியே இன்னும் கரும்பச்சையான பகுதி ஒன்று நகத்திலேயே தூளாகிறது. இரண்டையும் தனித்தனி வரிசைகளாகப் பதிந்து, பெயர்க் கட்டங்களை இப்போதைக்கு வெறுமையாக வைத்திருக்கிறேன். துண்டைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். வாய்ப்பிருந்தால் நீங்களோ இளங்கோ ஐயாவோ வந்து பார்த்துச் சொல்லுங்கள்.